அவை அறியும், அவன் அறியான்

தென்மாவட்டங்களின் திருவிழா மேடைகளில் அரிச்சந்திரன் நாடகத்தின் மயான காண்டம் நடக்கும்போது பொழுது புலரும் நேரம் நெருங்கியிருக்கும். சுடுகாட்டைக் காக்கும் அடிமையாக அரிச்சந்திரன் நிற்கிறான். பாம்பு தீண்டி இறந்த மகனைச் சுமந்துகொண்டு சந்திரமதி வருகிறாள். இருட்டில் ஒருவரை ஒருவர் அறியவில்லை. பிணத்தைச் சுடுவதற்குரிய கூலியை அவன் கேட்கிறான். கொடுக்க ஒன்றுமில்லை என்று அவள் அழுகிறாள். அந்தப் பிள்ளை தன் பிள்ளை என்பது அவனுக்குத் தெரியாது. கூலி கேட்பவன் தன் கணவன் என்பது அவளுக்குத் தெரியாது. எதிரே பாயில் அமர்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் இரண்டும் தெரியும். கழுத்தில் கிடக்கும் தாலியை விற்றுக் கூலி கொடு என்று அவன் சொல்லும்போதுதான், கணவன் கண்ணுக்கு மட்டுமே தெரியக்கூடிய தாலி இவனுக்கு எப்படித் தெரிந்தது என்று அவள் திடுக்கிடுகிறாள்.

இந்தக் கதையின் முடிவு யாருக்கும் புதிதன்று. பாட்டி காலத்திலிருந்து கேட்ட கதைதான். ஆயினும் விடியும்வரை எழுந்து போகாமல் இருந்து பார்க்கிறார்கள். முடிவு தெரிந்தால் நாடகத்தில் சுவை போய்விடும் என்பது உண்மையானால், மயான காண்டம் ஒருமுறைக்கு மேல் மேடை ஏறியிருக்காது.

மாணவர்கள் எழுதும் குறுநாடகங்களைப் படிக்கும்போது இந்த எண்ணம் எனக்கு அடிக்கடி வரும். பத்து நிமிட நாடகம் ஒன்று எழுதச் சொன்னால், பெரும்பாலோர் ஒரு மறைபொருளை எடுத்துக்கொண்டு, அதைக் கடைசி வரியில் திறந்துகாட்டவே விரும்புகிறார்கள். வந்த பெரியவர் உண்மையில் தந்தை, காணாமற்போன பணம் தம்பியிடமே இருந்தது, எல்லாமே கனவு. கடைசி வரியில் அவை ஒருகணம் வியக்கிறது. ஆனால், அதற்கு முந்தைய ஒன்பது நிமிடமும் அது எதற்காகக் காத்திருக்கிறது என்றே தெரியாமல் அமர்ந்திருக்கிறது. குறுநாடகத்தில் மறைபொருளைக் கடைசியில் வைப்பதைவிடத் தொடக்கத்திலேயே அவையிடம் ஒப்படைத்துவிடுவது பெரும்பாலும் வலிமையானது என்பது என் கருத்து. அவைக்குத் தெரிந்த ஒன்று பாத்திரத்துக்குத் தெரியாமல் இருக்கும் இந்நிலையைத் திறனாய்வாளர் நாடக முரண் என்பர்.

இதை விளக்க வெளிநாட்டு நாடகங்களைத் தேடிப் போகவேண்டியதில்லை. ஏதென்சு நகரத்து அவைக்கு ஈடிப்பசின் கதை முன்பே தெரிந்திருந்ததைப் போல, நமக்குக் கோவலனின் கதை தெரியும். சிலப்பதிகாரத்தின் முகப்பில் உள்ள பதிகமே கதையின் போக்கைச் சொல்லிவிடுகிறது. ஆகவே இளங்கோவடிகள் முடிவை மறைப்பதில் தம் ஆற்றலைச் செலவிடவில்லை. நமக்குத் தெரிந்ததைப் பாத்திரங்கள் அறியாமல் நடந்துகொள்ளும் இடங்களை அவர் எப்படி அடுக்குகிறார் என்பதைக் கொலைக்களக் காதையிலும் அதற்கு அடுத்த இரண்டு பகுதிகளிலும் காணலாம்.

ஆயர்பாடியில் கண்ணகி தன் கையால் சமைத்து, வாழைக் குருத்தில் பரிமாறுகிறாள். உண்டு முடித்த கோவலன் ஒற்றைச் சிலம்பை எடுத்துக்கொண்டு மதுரை நகருக்குள் செல்லப் புறப்படுகிறான். வழியில் திமில் உடைய காளை ஒன்று அவன்மேல் பாய வருகிறது. அது தீய நிமித்தம். ஆனால் கோவலன் அதை அறியவில்லை என்கிறார் இளங்கோ. அறியவில்லை என்று சொல்லி நிறுத்தியிருந்தாலே போதும். அவர் மேலும் ஒன்று சொல்கிறார்: அந்த நிமித்தத்தை அறியும் வழக்கம் அவன் பிறந்த குலத்துக்கு இல்லை. வணிகன் மகன் காளையின் குறிப்பை எங்ஙனம் அறிவான்? ஆயர் மகன் ஒருவன் உடன் வந்திருந்தால் அங்கேயே தடுத்திருப்பான்.

இது சிறு குறிப்புத்தான். எனினும் நாடகம் எழுதுவோர் இங்கே நெடுநேரம் நிற்கவேண்டும். பாத்திரத்தின் அறியாமைக்குக் காரணம் வேண்டும். காரணம் இல்லாத அறியாமை அவையின் கண்ணுக்கு முட்டாள்தனமாகத் தெரியும். முட்டாளுக்காக அவை அஞ்சுவதில்லை, எரிச்சல்தான் கொள்ளும். தன் வாழ்க்கை தனக்குக் கற்பிக்காத ஒன்றை அறியாதிருப்பவனுக்காக அஞ்சும்.

அடுத்துப் பொற்கொல்லன் வருகிறான். கோவலன் அவனிடம் சிலம்பைக் காட்டுகிறான். அவன் பார்த்துப் பாராட்டி, தன் சிறு குடிலின் அருகே காத்திருக்கச் சொல்கிறான். இதுவரை அவன் நல்லவனாகவே தோன்றுகிறான். கோவலன் சற்று ஒதுங்கிய பிறகுதான் பொற்கொல்லனின் உள்ளத்தை இளங்கோ நமக்குத் திறக்கிறார். அரசியின் சிலம்பைத் திருடியவன் அவனே. தன் களவு வெளிப்படும் முன் இந்த அயலான்மேல் பழியைப் போட்டுவிட அவன் முடிவு செய்கிறான். அந்த நொடியிலிருந்து நாம் அறிவோம், கோவலன் அறியான். அவன் காத்திருக்கிறான், அவ்வளவுதான். ஆனால் அந்தக் காத்திருப்பு இப்போது நம்மால் தாங்க முடியாததாகிவிடுகிறது.

பொற்கொல்லன் காவலருடன் திரும்பி வந்து கோவலனிடம் சொல்வதைக் கவனியுங்கள். அரசன் ஏவலால் சிலம்பைக் காண வந்தவர்கள் இவர்கள் என்கிறான். அந்த வாக்கியத்தில் பொய் ஒன்றுமில்லை. அரசன் ஏவியது உண்மை. சிலம்பைக் காண வந்ததும் உண்மை. விலை பேச வந்திருக்கிறார்கள் என்று கோவலன் கொள்கிறான். எதற்காக வந்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். ஒரே வாக்கியம் இரு செவிகளில் இரு பொருளாக விழுகிறது. நாடக முரணுக்கு ஏற்ற உரையாடல் இத்தகையது. பேசுபவன் கண்சிமிட்டவும் வேண்டாம், சிலேடைக்காகச் சொல்லைத் திருகவும் வேண்டாம். அந்தச் சூழலில் எவரும் இயல்பாகச் சொல்லக்கூடிய சொல்லாக அது இருக்கவேண்டும். இரண்டாம் பொருளை அவையே சேர்த்துக்கொள்ளும்.

காவலர்கள் தயங்குகிறார்கள், இவன் கள்வனாகத் தோன்றவில்லையே என்கிறார்கள். நமக்கு ஒருகணம் நம்பிக்கை பிறக்கிறது. பொற்கொல்லன் கள்வரின் சூழ்ச்சிகளை அடுக்கிச் சொல்லி அந்த நம்பிக்கையைக் கெடுக்கிறான். முடிவில் கல்லாக் களிமகன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

இங்கே காதை முடிகிறது. ஆனால் முரண் முடியவில்லை. என் நோக்கில் இளங்கோவின் மிகத் துணிவான செயல் இதற்குப் பின்னர்தான் வருகிறது. கோவலன் வெட்டுண்ட செய்தி உடனே கண்ணகியை அடைவதில்லை. இடையில் ஆய்ச்சியர் குரவை என்னும் முழுக் காதை நிற்கிறது. ஆயர்பாடியில் குடத்துப் பால் உறையவில்லை, காளைகளின் கண்களில் நீர் வழிகிறது, வெண்ணெய் உருகவில்லை, பசுக்களின் கழுத்து மணிகள் அறுந்து விழுகின்றன. ஏதோ தீங்கு வரப்போகிறது என்று மாதரி அஞ்சுகிறாள். அச்சம் நீங்கக் குரவை ஆடுவோம், கண்ணகியும் கண்டிருக்கட்டும் என்கிறாள். பெண்கள் கைகோத்து ஆடுகிறார்கள், திருமாலைப் பாடுகிறார்கள்.

அவர்கள் வரப்போகும் தீங்கைத் தடுக்க ஆடுகிறார்கள். தீங்கு வந்து முடிந்துவிட்டது என்பது நமக்குத் தெரியும். குரவையைக் கொலைக்கு முன்னர் வைத்திருந்தால் அது இனிய கூத்தாக மட்டும் இருந்திருக்கும். ஒரு சொல்லையும் மாற்றாமல், இடத்தை மட்டும் பின்னுக்குத் தள்ளியதால், ஒவ்வொரு பாட்டும் நெஞ்சை அறுக்கிறது. ஆடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணகியை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

துன்ப மாலையில் செய்தியுடன் ஒருத்தி ஓடி வருகிறாள். வந்தவள் வாய் திறவாமல் நிற்கிறாள். கண்ணகியோ அவளைத் தோழமையோடு விளித்து, கணவனைக் காணவில்லையே என்று தன் நெஞ்சின் கலக்கத்தைச் சொல்கிறாள். இப்போது மறைபொருளை அறிந்தவர் மேடையிலும் ஒருவர் இருக்கிறார். நம்மைப்போலவே அவளாலும் சொல்ல முடியவில்லை. உண்மை வெளிப்படுவதற்குச் சற்று முன்னர், அறிந்தவரையும் அறியாதவரையும் நேருக்கு நேர் நிறுத்திவிட்டார் ஆசிரியர்.

ஒரு காப்பியத்தின் மூன்று காதைகளில் நடப்பதை எட்டு நிமிட நாடகத்தில் செய்ய முடியுமா? அளவைச் சுருக்கினால் முடியும். ஒரே மறைபொருள், இரண்டு பாத்திரங்கள், அவையின் கண்முன்னே ஒரு பொருள். மேலநீலிதநல்லூர்ப் பக்கத்துக் கரிசல் ஊர் ஒன்றில் 1988-ஆம் ஆண்டில் நடப்பதாக நான் எழுதிய காட்சி இது.

(சிறிய வீடு. சுவரோரம் ஒரு மண்பானை. வெளியே தபால்காரரின் மிதிவண்டி மணி. மகள் வெளியே சென்று ஓர் அஞ்சலட்டையுடன் வருகிறாள்.)

மகள்: (தனக்குள் படிக்கிறாள்) கல்லூரியில் தங்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. சேர்க்கைக்குக் கடைசி நாள்… புதன்கிழமை. (நாட்காட்டியைப் பார்க்கிறாள்) நாளைக்கு.

(வாசலைப் பார்க்கிறாள். பானையில் உள்ள கம்புக்குள் அட்டையைச் செருகி, மேலே கையால் பரப்பிவிடுகிறாள். தந்தை தோளில் துண்டுடன் வருகிறார்.)

தந்தை: ஏ தாயி, தபால்காரர் வந்தாரா?

மகள்: வந்தாருப்பா. கீழத்தெருப் பக்கம் போயிட்டாரு.

தந்தை: நமக்கு ஒண்ணும் இல்லையாக்கும்.

மகள்: தண்ணியக் குடிங்க. வெயில்ல வந்திருக்கீங்க.

தந்தை: (குடித்துவிட்டு) வரும் தாயி. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்போம். வரலைன்னா நானே திருநெல்வேலிக்குப் போய்க் கேட்டுட்டு வாரேன்.

மகள்: எதுக்குப்பா அலைச்சல்.

தந்தை: எனக்கு எழுத்து தெரியாமத்தான் இவ்வளவு அலைச்சல். பஸ்ஸு போர்டக்கூட அடுத்த ஆளக் கேட்டுத்தான் ஏறுதேன். நீ பணத்த நெனைச்சு மருகாத. காட்ட ஒத்திக்குப் பேசி முடிச்சுட்டேன்.

மகள்: தெரியும்ப்பா. நேத்து ராத்திரி நீங்க பேசுனது கேட்டுச்சு.

தந்தை: கேட்டுச்சா? அப்புறம் என்ன. (எழுகிறார்) தம்பி பசியோட வருவான். பானையில கம்பு கெடக்கா?

மகள்: கெடக்கு. நான் எடுக்கேன், நீங்க இருங்க.

தந்தை: நாள் பூரா நீதான் வேல பாக்க. உக்காரு.

(பானையில் கைவிட்டு ஒரு கை கம்பு அள்ளிச் சுளகில் போடுகிறார். மீண்டும் அள்ளுகிறார். மூன்றாம் முறை கை நிற்கிறது. அட்டையை எடுத்துத் தூசி தட்டுகிறார்.)

தந்தை: இதென்ன தாயி, கம்புக்குள்ள காயிதம்? வாசி, கேப்போம்.

(அட்டையை அவளிடம் நீட்டுகிறார். விளக்கு அணைகிறது.)

இதே நாடகத்தை முதல் நிகழ்ச்சி இல்லாமல் படித்துப் பாருங்கள். தந்தை வருகிறார், கேட்கிறார், தண்ணீர் குடிக்கிறார், கம்பு எடுக்கப் போகிறார். கடைசியில் ஓர் அட்டை கிடைக்கிறது. வியப்பு உண்டு; அது முடிந்ததும் விளக்கும் அணைந்துவிடும். வெள்ளிக்கிழமை வரை பார்ப்போம் என்ற வரி அங்கே வெறும் பேச்சு. அட்டையை முன்பே பார்த்த அவைக்கோ, நாளையே கடைசி நாள் என்பது தெரியும். பொறுமையாக இருக்கச் சொல்லும் அந்த அன்பான வரியே அவளுடைய வாய்ப்பை அழித்துக்கொண்டிருக்கிறது. வரி ஒன்றுதான். குரவையின் இடத்தை இளங்கோ தேர்ந்ததுபோல, அட்டை அவைக்குத் தெரியவேண்டிய இடத்தை நாம் தேர்ந்திருக்கிறோம்.

இந்தக் காட்சியை எழுதும்போது மூன்று இடங்களில் நான் அடித்துத் திருத்தினேன். முதல் வரைவில் தந்தை படித்தவர். அட்டை அவர் கைக்கு வந்தவுடன் அவரே படித்துவிடுகிறார். நாடகம் அங்கே சரிந்தது. எழுத்து அறியாதவர் ஆக்கினேன். ஆனால் அந்தச் செய்தியை அட்டை கிடைத்த பின்னர் சொல்வித்தால், ஆசிரியர் தம் வசதிக்காக அவர் கண்ணைக் கட்டியதுபோல் இருக்கும். ஆகவே முன்னரே, வேறொன்றைப் பற்றிப் பேசும்போது, பேருந்துப் பலகையை வைத்துச் சொல்ல வைத்தேன். காளைக் குறி கோவலனுக்குத் தெரியாததற்கு இளங்கோ காரணம் சொன்ன இடத்தை நினைத்துக்கொண்டேதான் இதைச் செய்தேன்.

இரண்டாவது, மகளின் விடை. தபால்காரர் வந்தாரா என்ற கேள்விக்கு முதலில் வரவில்லை என்று பொய் சொல்ல வைத்திருந்தேன். அவளைப் பொய்யளாகக் கண்டவுடன் அவை அவளை விட்டுச் சற்று விலகும். வந்தார், போய்விட்டார் என்பது மெய். மறைப்பது மட்டுமே அவள் செய்வது. அடுத்த கேள்விக்கு அவள் விடையே சொல்வதில்லை; தண்ணீரை நீட்டுகிறாள்.

மூன்றாவது, அவள் ஏன் மறைத்தாள் என்பது. தொடக்கத்திலேயே தனிமொழியாக அதையும் சொல்லியிருந்தேன். அது மிகை. மறைபொருளை அவைக்குக் கொடுத்துவிடலாம்; காரணத்தைச் சிறிது பிடித்து வைத்துக்கொள்ளவேண்டும். காட்டை ஒத்திக்குப் பேசி முடித்ததைத் தந்தை தைரியம் சொல்வதற்காகச் சொல்கிறார். அந்தச் சொல்லே அவள் அஞ்சிய செய்தி. நேற்றே கேட்டேன் என்று அவள் ஒப்புக்கொள்ளும்போது, அட்டை பானைக்குள் போனதன் காரணம் அவைக்கு விளங்குகிறது. தந்தைக்கோ அது மகளின் மனம் தேறியதற்கான அடையாளமாகத் தோன்றுகிறது.

இந்த உத்தி எல்லா இடத்திலும் பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். துப்பறியும் கதையில் குற்றவாளியை முதலிலேயே காட்டினால் பெரும்பாலும் கதையின் உயிர் போய்விடும். நகைச்சுவைத் துணுக்கில் கடைசிச் சொல்தான் எல்லாம். நாடக முரணுக்கும் நேர எல்லை உண்டு. அறியாதவர் அறியாமலே நெடுநேரம் நடந்துகொண்டிருந்தால், அவையின் அச்சம் சலிப்பாக மாறும். இளங்கோவே கோவலனுடைய காத்திருப்பை நீட்டவில்லை. காவலரின் தயக்கத்தை இடையில் வைத்து, நம்பிக்கைக்கும் அச்சத்துக்கும் இடையே நம்மை அசைத்தார். பானையிலிருந்து இரண்டு கை கம்பு வெறுமையாக வந்து மூன்றாம் கை நின்றது அதற்காகத்தான். ஒரே கையில் அட்டை வந்தால் அச்சம் ஊற நேரமில்லை. ஆறு கை அள்ளினால் அவை சிரிக்கத் தொடங்கும்.

விளக்கை ஏன் அங்கே அணைத்தேன் என்று கேட்கலாம். அவள் உள்ளபடியே வாசித்தால் காடு போகும். வேறொன்றை வாசித்தால் கல்லூரி போகும். இந்த இரண்டில் ஒன்றை நான் எழுதியும் பார்த்தேன். எதை எழுதினாலும் அவளுடைய தேர்வு என்னுடையதாகிவிட்டது. தந்தை இன்னும் அறியாமல் அட்டையை நீட்டிக்கொண்டிருக்கும்போது, செய்தியை வைத்துக்கொண்டு கண்ணகியின் முன் வாய் திறவாமல் நின்றவளின் இடத்தில் மகள் நிற்கிறாள். இதை ஏற்காத ஆசிரியர்களும் உண்டு. நாடகம் வெளிப்பாட்டில்தான் முடியவேண்டும் என்பது அவர்கள் கட்சி. மயான காண்டத்தில் தாலி காட்டிக்கொடுக்கும் அந்தத் தருணத்தை எண்ணும்போது அவர்கள் பக்கமும் நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. எட்டு நிமிடத்துக்கு மேல் இடம் கிடைத்திருந்தால் நானும் அட்டையை வாசிக்க வைத்திருப்பேன்.

உங்கள் நாடகத்தில் முரண் வேலை செய்கிறதா என்று அறிய, வகுப்பில் அதை நடித்துக்காட்டும்போது நடிப்பவரைப் பாராமல் பார்ப்பவரைப் பாருங்கள். தம்பி பசியோடு வருவான் என்று தந்தை எழுந்த அந்தக் கணத்தில் அவர்களின் கண்கள் தந்தையின் முகத்தில் இருந்தால், முதல் நிகழ்ச்சியில் அட்டை போதிய தெளிவாகத் தெரியவில்லை என்று பொருள். அதைத் திரும்ப எழுதுங்கள். கண்கள் அவரை முந்திக்கொண்டு பானைக்குப் போயிருந்தால், அடுத்த காட்சிக்குச் செல்லலாம்.